தம்பிக்கு: இரண்டு பள்ளிகள், பன்னிரண்டு வருஷ ரசீதுக் கணக்கு

குன்னூர், ஏப்ரல் 2025

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, ஊட்டிப் பள்ளிக்கும் நம் குன்னூர்ப் பள்ளிக்கும் "வருஷம் இருபதாயிரம்தான் வித்தியாசம்க்கா" என்று சொன்னாய். அப்போதே பதில் சொல்லத் தோன்றியது. ஆனால் வாய் வார்த்தையாகச் சொல்வதைவிடக் காகிதத்தைப் பார்த்துச் சொல்வது நல்லது என்று விட்டுவிட்டேன். பெரியவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை குன்னூர்ப் பள்ளியிலேயே படித்தான், 2010-11 முதல் 2021-22 வரை. சின்னவள் 2013-14இல் ஊட்டியில் சேர்ந்து, போன மாதம்தான் கடைசிப் பரீட்சை எழுதி முடித்தாள். இரண்டு பேருடைய ரசீதும் பிஸ்கட் டப்பாவிலும் மாமாவின் பழைய ஃபைலிலும் இருந்தன. நாலு ராத்திரி உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டியிருக்கிறேன். பாப்பாவை எங்கே சேர்ப்பது என்பது உங்கள் இரண்டு பேர் முடிவு. கணக்கு மட்டும் முழுதாகத் தெரிந்து முடிவு எடுங்கள்.

முதலில் மொத்தம்:

| செலவு | குன்னூர் (பெரியவன்) | ஊட்டி (சின்னவள்) |
|---|---|---|
| கட்டணம், சேர்க்கைத் தொகையோடு | 3,06,200 | 5,67,000 |
| புத்தகம், நோட்டு | 46,300 | 71,500 |
| போக்குவரத்து | 30,900 | 1,68,700 |
| சீருடை, ஸ்வெட்டர், ஷூ | 52,400 | 1,08,600 |
| பள்ளியில் கட்டிய மற்ற செலவுகள் | 24,700 | 1,36,200 |
| வெளியே டியூஷன், வகுப்புகள் | 82,400 | 24,000 |
| மொத்தம் ரூபாயில் | 5,42,900 | 10,76,000 |

வித்தியாசம் 5,33,100. கட்டணத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் 2,60,800தான், அதாவது வருஷத்துக்கு இருபத்தோராயிரத்துச் சொச்சம். நீ சொன்னது அந்த அளவில் சரிதான். ஆனால் அது பாதிக் கணக்கு. மீதிப் பாதி பள்ளி கொடுக்கிற கட்டண அட்டையில் இருக்காது.

இதில் ஒரு நியாயம் பார்க்க வேண்டும். சின்னவள் மூன்று வருஷம் பின்னால் படித்தவள், அதனால் விலைவாசி ஏறியதும் அவள் கணக்கில் சேர்ந்திருக்கிறது. பெரியவன் பன்னிரண்டாம் வகுப்புக்கு 41,000 கட்டினான். பக்கத்து வீட்டுப் பெண் அதே பள்ளியில் இந்த வருஷம் அதே வகுப்புக்கு 52,000 கட்டியிருக்கிறாள், ரசீதை வாங்கிப் பார்த்தேன். அவள் வீட்டு ரசீதுகளை வைத்துப் பார்த்தால், பெரியவனும் 2013இல் சேர்ந்திருந்தால் சுமார் 57,000 கூடியிருக்கும். அப்போது குன்னூர் 5,99,900 ஆகும், வித்தியாசம் 4,76,100. பன்னிரண்டால் வகுத்தால் வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. நீ மனதில் வைக்க வேண்டிய தொகை இதுதான்.

இன்னொன்று, 2020-21. கொரோனா வருஷம் இரண்டு பள்ளியிலும் கட்டணத்தில் 75 சதவீதம்தான் கட்டினோம், வேன் செலவு ஒரு பைசா இல்லை. அடுத்த வருஷமும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் செப்டம்பர் 1ஆம் தேதிதான் திறந்தார்கள், அதனால் சின்னவளுக்கு ஏழு மாத வேன் பணம் மட்டுமே. பாப்பாவுக்கு அப்படி ஒரு வருஷம் வராது, வரவும் வேண்டாம். ஆகவே ஊட்டிக் கணக்கில் போக்குவரத்து நிஜத்தில் இன்னும் கூடத்தான் வரும்.

போக்குவரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களை அசத்தியது அதுதான். சின்னவளின் வேன் 2013இல் மாதம் 900 ரூபாய் என்று ஆரம்பித்தது. வருஷத்துக்குப் பத்து மாதம், 9,000. அப்போது பெரிதாகத் தெரியவில்லை. ஐந்தாம் வகுப்பில் 12,000, ஏழாம் வகுப்பில் 14,000. பள்ளி திரும்பத் திறந்த பிறகு ஒரே தாவலாக 20,000, அடுத்து 24,000, போன வருஷம் 26,000. டீசல் ஏறும்போது ஏற்றினார்கள், பிறகு அது இறங்கவே இல்லை. கடைசி மூன்று வருஷத்துக்கு மட்டும் 70,000. மொத்தத்தில் 9,000 டாக்ஸிக்கு. ஆண்டு விழா ஒத்திகை முடிந்து வேனை விட்டுவிட்ட நாட்கள், மழையில் மரம் விழுந்து வேன் வராத நாட்கள். அதற்கு ரசீது இல்லை, என் டைரியில் குறித்ததை வைத்துத்தான் போட்டேன்.

பெரியவனுக்கு ஐந்தாம் வகுப்பு வரை ஷேர் ஜீப், மாதம் 450. ஐந்து வருஷத்துக்கு 22,500. அப்புறம் நடந்தான். கொட்டுகிற மழை நாட்களில் மட்டும் ஆட்டோ, அது வருஷம் 1,200 என்று உத்தேசமாக வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பில் டியூஷன் முடிந்து வர 2,400. அவ்வளவுதான்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். சின்னவள் ஆறு வயதிலிருந்து காலை 7.10க்கு வாசலில் நின்றாள். வேன் அருவங்காடு, கேத்தி என்று ஒவ்வொரு இடத்திலும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். சீசனில் டூரிஸ்ட் வண்டிகள் அடைத்துக்கொண்டால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது இருட்டிவிடும். சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தூங்கிய நாட்கள் எத்தனையோ. இந்தக் கூட்டலில் எனக்கு மனசு வலித்த இடம் அதுதான், அதை எந்தக் கட்டத்திலும் எழுத முடியவில்லை.

சீருடைக்கு வருவோம். நம் ஊர்க் குளிரில் எந்தப் பள்ளியானாலும் ஸ்வெட்டர், ரெயின்கோட், கம்பளிச் சாக்ஸ் உண்டு. மழைக் காலத்தில் துணி மூன்று நாள் காயாது, அதனால் மூன்று செட் இல்லாமல் முடியாது. பெரியவனுக்குத் துணி வாங்கி டெய்லரிடம் தைத்தோம், அது 27,600. ஸ்வெட்டர் 9,200, ஷூவும் ரெயின்கோட்டும் 15,600. ஸ்வெட்டரை ஒரு அளவு பெரிதாக வாங்கி இரண்டு வருஷம் போட்டான். ஊட்டிப் பள்ளியில் அவர்கள் சொல்லும் கடையில்தான் வாங்க வேண்டும். தினசரிச் சீருடை 51,000, விளையாட்டு உடை, ஹவுஸ் டீ-ஷர்ட் எல்லாம் 21,500, ஸ்வெட்டர், ஷூ வகை 25,500. பிளேசர் மட்டும் நாலு தடவை: 1,800, 2,200, 2,900, 3,700. கடைசியில் வாங்கியதை அவள் மொத்தமே இருபது நாள் போட்டிருப்பாள். நல்ல நிலையில் இருக்கிறது, பாப்பா வளர்ந்தால் எடுத்துக்கொள்ளலாம்.

பள்ளியில் கட்டிய மற்ற செலவுகளில் எனக்குக் குறையும் உண்டு, நிறைவும் உண்டு. 1,36,200இல் 62,000 'செயல்பாட்டுக் கட்டணம்' என்று வருஷா வருஷம் கட்டியது. அதற்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. மூன்று சுற்றுலாவுக்கு 31,500. ஆண்டு விழா உடை பத்து வருஷத்துக்கு 14,400, ஒரு தடவை போட்ட உடையை மறுபடி போட்டதே இல்லை. ஆனால் இசை வகுப்புக்குக் கட்டிய 28,300 ரூபாயை நினைத்து நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்லை. கூச்சப்பட்டு என் முந்தானைக்குப் பின்னால் நின்ற பிள்ளை, மேடையில் தனியாகக் கீபோர்டு வாசித்தாள். அது அந்தப் பள்ளி கொடுத்தது. அதை மறைத்து எழுதினால் நான் நியாயமாக நடந்துகொண்டவள் ஆகமாட்டேன்.

அதேபோல் குன்னூர்ப் பள்ளி மலிவு என்று மட்டும் நினைக்காதே. அங்கே இல்லாததை வெளியே காசு கொடுத்து வாங்கினோம். கராத்தே 12,000, இந்தி 8,400, பத்தாம் வகுப்பிலிருந்து கணக்குக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் 62,000. சின்னவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் மட்டும்தான் டியூஷன், 24,000. டியூஷனுக்கு யாரும் ரசீது தரவில்லை, எல்லாம் டைரிக் கணக்கு. பெரியவனுடைய மூன்றாம் வகுப்புப் புத்தக ரசீதும் ஈரத்தில் ஒட்டிப் போய்விட்டது. அதற்கு முந்தின வருஷத் தொகையையே போட்டிருக்கிறேன்.

கணக்கில் சேர்க்காத ஒன்று: சின்னவள் ஆறாம் வகுப்பு போன வருஷம், 2018இல், ஜூன் முதல் வாரத்திலேயே கட்டணம், புத்தகம், சீருடை எல்லாம் சேர்ந்து பெரிய தொகை கேட்டது. தேயிலை விலை இறங்கியிருந்த சமயம், மாமாவுக்குத் தொழிற்சாலையில் சம்பளமும் தள்ளித்தான் வந்தது. என் வளையலை அடகு வைத்தோம். வட்டி 3,800. உனக்கும் வருமானம் மாதா மாதம் ஒரே மாதிரி வருவதில்லை. வருஷத்துக்கு எவ்வளவு என்பதோடு, எந்த மாதம் எவ்வளவு என்பதையும் பார்.

வருமான வரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். 80சியில் பள்ளிக்குக் கட்டுகிற பாடக் கட்டணம் மட்டும்தான் வரும். வேன், சீருடை, செயல்பாட்டுக் கட்டணம் வராது. அதுவும் பி.எஃப்., எல்.ஐ.சி. எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள், பழைய வரி முறையில் இருந்தால்தான். நீ புதிய முறைக்கு மாறிவிட்டதாகச் சொன்னாய், அப்படியானால் அதைக் கணக்கில் எடுக்காதே.

என் எண்ணத்தைக் கேட்டால், பாப்பாவை எட்டாம் வகுப்பு வரை குன்னூரிலேயே படிக்க விடு. நம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம், மழை வந்தால் நான் போய் அழைத்து வருவேன். மிச்சமாகும் பணத்தில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு அவளுக்கு இசையோ நடனமோ எது பிடிக்கிறதோ அதைச் சேர்த்துவிடு. எட்டு முடிந்ததும் அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும், அந்த வயதுப் பிள்ளை வேன் பயணத்தைத் தாங்கும். அப்போது மாற்றினால் சேர்க்கைத் தொகை புதிதாகக் கட்ட வேண்டும், எங்களுக்கு அது 25,000 ஆனது. ஆனால் எட்டு வருஷ வேன் பணம் அதைவிட எத்தனையோ மடங்கு.

இல்லை, ஊட்டிதான் என்று முடிவு செய்தால் அதுவும் நல்ல பள்ளிதான், நான் குறை சொல்ல மாட்டேன். பணம் கட்டுவதற்கு முன்னால் அலுவலகத்தில் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்கு: வேன் பணம் பத்து மாதமா பதினொன்றா, செயல்பாட்டுக் கட்டணம் எவ்வளவு, டெபாசிட் திரும்ப வருமா. எங்களுக்கு 10,000 டெபாசிட் திரும்பி வந்தது, அசல் ரசீதைக் காட்டிய பிறகுதான்.

டப்பாவையும் ஃபைலையும் மேசை மேல் எடுத்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பாப்பாவின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு பேரும் உட்கார்ந்து பாருங்கள். மதியச் சாப்பாடு இங்கேதான்.

அன்புடன்,
அக்கா