வீட்டு வாடகையும் செலவும்: உடன்பிறந்தவர்களுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா, அண்ணா, தம்பி,

மூவரும் நலம்தானே? வீட்டு வாடகை விஷயத்தைப் போனில் பேச ஆரம்பித்தால் இரண்டாவது நிமிடமே பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. எழுத்தில் இருந்தால் நிதானமாகப் படித்துவிட்டு, ஒப்புக்கொள்ள முடியாத இடத்தில் கோடு போட்டுச் சொல்லலாம். அதனால்தான் கடிதம். மூவருக்கும் ஒரே கடிதம்தான்; யாருக்கும் தனியாக வேறு எதுவும் எழுதவில்லை.

வீட்டில் நம் நால்வருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. வாடகை அந்தப் பங்குப்படி பிரிய வேண்டும், செலவும் அதே பங்குப்படி பிரிய வேண்டும். ஒருவர் கூடுதலாக அலைந்தாலோ, கையிலிருந்து பணம் போட்டாலோ, வீட்டில் ஒரு பகுதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டாலோ அதைத் தனிக் கணக்காக எழுதி ஈடு செய்ய வேண்டும். இதுவரை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் ஆளுக்கொரு மனக்குறை. அண்ணனுக்குத் தான் மட்டும் அலைகிறோமே என்று இருக்கிறது. அக்கா போட்ட பணத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை, ஆனால் மறக்கவும் இல்லை. தம்பிக்குக் கணக்கு என்னவென்றே தெரியவில்லை. மூன்று குறையும் நியாயமானதுதான்.

முதலில் அண்ணனின் உழைப்பு. குழாய் உடைந்தாலும் மோட்டார் ஓடாவிட்டாலும் வாடகைக்காரர் கூப்பிடுவது அண்ணனைத்தான். போன முறை மாடி வீடு காலியானபோது வெள்ளையடிக்க ஆள் பிடித்து, வந்தவர்களுக்கெல்லாம் வீட்டைத் திறந்து காட்டி, ஒப்பந்தம் எழுதி முடிக்கும் வரை அவர் வேலை நாளில்கூட ஓடிக்கொண்டிருந்தார். வெளியாள் ஒருவரை வைத்தால் இதற்குக் கூலி கொடுக்கத்தானே செய்வோம்? வசூலாகும் வாடகையில் 6 சதவீதம் அண்ணனுக்குப் பராமரிப்புக் கூலியாகப் போகட்டும். வாடகைக்காரர் மாறும்போது வேலை பல மடங்கு, வசூலோ அந்த நேரத்தில் இருக்காது. அதனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனியாக 5,000. பெட்ரோல், போக்குவரத்துச் செலவை அவர் எழுதிக் கொடுத்தால் வீட்டுச் செலவில் சேர்த்துவிடலாம். "கூடப் பிறந்தவர்களிடம் கூலி வாங்குவதா?" என்று அண்ணன் முகம் சுளிப்பார், எனக்குத் தெரியும். அண்ணா, நீங்கள் வாங்காமல் இருந்தால் எங்களுக்குத்தான் சங்கடம். கணக்கு கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நாளைக்கு உங்களால் முடியாமல் போய் தம்பியோ நானோ இதைப் பார்க்க வேண்டி வந்தாலும் கூலி இதேதான்.

அடுத்தது அக்கா கூரைக்குப் போட்ட பணம். மொத்தம் 1,84,000; ரசீதுகளின் படங்களை அக்கா எனக்கு அனுப்பியிருக்கிறார். அதில் அவருடைய பங்கு 46,000. மீதி 1,38,000 நாம் மூவரும் ஆளுக்கு 46,000 வீதம் அவருக்குத் தர வேண்டியது. இங்கே ஓர் இடத்தில் தவறு நேரலாம், கவனமாகப் பாருங்கள். பொது வாடகைப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் முழு 1,84,000-மும் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அந்தப் பொதுப் பணத்தில் கால் பங்கு அக்காவுடையது. பொதுப் பணத்திலிருந்து 1,38,000 மட்டும் கொடுத்தால் அக்கா தன் பங்கை ஒரு முறை நேரடியாகவும், பொதுப் பணத்தின் வழியாக இன்னொரு 34,500-ம் சுமந்ததாகிவிடும். குழப்பமே வேண்டாம், நம் மூவரின் பங்கிலிருந்தே பிடிப்போம். மாதம் ஆளுக்கு 2,000 என்றால் 23 மாதத்தில் சரியாக முடிகிறது. வட்டி வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டார். அசலையும் விட்டுவிடுகிறேன் என்று அவர் சொன்னால், அது அவர் இஷ்டம். ஆனால் தொகை என்னவென்று நால்வருக்கும் தெரிந்து, எழுத்தில் வந்த பிறகு சொல்லட்டும். பேசாமல் இருப்பதை விட்டுக்கொடுத்ததாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

தம்பி, இனி உனக்கு. மாடியில் பின்பக்க அறை பூட்டியே இருக்கிறது. உன் புத்தகங்கள், பழைய கம்ப்யூட்டர், கட்டில், கூடவே அம்மாவின் பீரோ. அந்த அறையும் சேர்ந்தால் மாதம் 3,000 கூடத் தருவதாக மாடிவீட்டுக்காரர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அம்மாவின் பீரோ நால்வருக்கும் சொந்தம், அதற்கு உன்னிடம் காசு கேட்பது சரியில்லை. அதனால் நாம் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து அம்மாவின் சாமான்களைப் பிரிக்கும் வரை அறை அப்படியே இருக்கட்டும், ஒரு கணக்கும் வேண்டாம். அதற்குப் பிறகும் உன் பொருள்களுக்காக அறை வேண்டுமென்றால் வைத்துக்கொள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் மாதம் 3,000 வாடகை வந்ததாக எழுதி உன் பங்கில் பிடிக்க வேண்டும். அதில் கால் பங்கு, அதாவது 750, உனக்கே திரும்பி வரும்; கையை விட்டுப் போவது 2,250. இதை அபராதம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ பக்கத்து ஊரில் இருந்து, அக்காவின் சாமான்கள் அந்த அறையில் இருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பேன்.

இப்போது மாதக் கணக்கு எப்படி வரும் என்று பார்க்கலாம். கீழ்வீடு 22,000, மாடி 14,000, ஆக வாடகை 36,000. வீட்டுவரி, காப்பீடு, தண்ணீர், கழிவுநீர், மோட்டார், சில்லறைப் பழுது எல்லாம் சேர்த்துப் போன வருடம் 60,000 ஆகியிருக்கிறது, மாதத்துக்கு 5,000. அண்ணனின் கூலி 2,160. பெரிய பழுதுக்கென்று வாடகையில் 10 சதவீதம், 3,600, எடுத்து வைப்போம். மீதி 25,240. ஆளுக்கு 6,310. கூரைக் கடன் தீரும் வரை நம் மூவருக்கும் கையில் வருவது 4,310, அக்காவுக்கு 12,310. வீட்டுச் செலவுகளையும் சேமிப்பையும் முதலில் எடுத்த பிறகே பிரிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கப் போகிறேன். முழுவதையும் பிரித்துவிட்டு, பழுது வந்ததும் ஆளாளுக்குப் போன் போட்டுப் பணம் கேட்பது யாருக்குமே பிடிக்காத வேலை, அதுவும் எப்போதும் அண்ணன் தலையில்தான் விழுகிறது. அந்தச் சேமிப்பு 1,50,000 ஆனதும் பிடிப்பதை நிறுத்திவிடலாம். எடுத்துச் செலவழித்தால் மறுபடி பிடிக்கலாம். வீடு காலியாக இருக்கும் மாதத்தில் வரியும் காப்பீடும் அதிலிருந்தே போகட்டும். அதுவும் போதாவிட்டால் நால்வரும் சமமாகப் போட வேண்டியதுதான்.

இதற்கெல்லாம் வீட்டுக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு வேண்டும். வாடகை முழுவதும் அதில்தான் வர வேண்டும், செலவும் அதிலிருந்தே போக வேண்டும். அண்ணனும் நானும் அதை நடத்துகிறோம்; இருவரில் ஒருவர் மட்டும் கையெழுத்திட்டால் 10,000 வரைதான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள்ளலாம். அக்காவும் தம்பியும் கணக்கைப் பார்க்க வழி செய்துவிடலாம். இப்போது வாடகை முழுவதும் அண்ணனின் சொந்தக் கணக்கில் விழுவதால் அது அவருடைய வருமானம் மாதிரி தெரிகிறது. நம் பங்குக்கும் சேர்த்து அவர் வரி கட்டியிருந்தால் எவ்வளவென்று சொல்லுங்கள் அண்ணா, அதைத் திருப்பித் தந்துவிட வேண்டும். இனி வரிக் கணக்கில் அவரவர் பங்கை அவரவர் காட்டுவோம். அண்ணனின் கூலி அவருடைய வருமானமாகச் சேரும். வரி பார்ப்பவரிடம் ஒரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அட்வான்ஸ் பணத்தைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கீழ்வீட்டுக்காரர் கொடுத்த 1,00,000, மாடிவீட்டுக்காரர் கொடுத்த 60,000, இரண்டும் நம் பணம் இல்லை. அவர்கள் சாவியைக் கொடுக்கும் அன்று நாம் எண்ணி வைக்க வேண்டிய கடன். வருமானத்தில் சேர்க்கவும் கூடாது, பழுதுக்குத் தொடவும் கூடாது. 1,60,000-ஐ வைப்பு நிதியாகப் போட்டுவிடுவோம். வட்டி வீட்டுக் கணக்குக்கு வரட்டும். அடுத்த முறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது நால்வர் பெயரும் இருக்கட்டும்.

10,000 வரையிலான பழுதை அண்ணன் யாரையும் கேட்காமலே செய்யலாம், பில் மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். ஒழுகும் கூரை, அறுந்த மின்கம்பி மாதிரி அவசரம் என்றால் எந்தத் தொகையானாலும் முதலில் வேலையை முடித்துவிட்டு அப்புறம் சொல்லலாம். கார் ஷெட் போடுவது, குளியலறையை மாற்றிக் கட்டுவது போன்றவை பழுது இல்லை, மேம்பாடு. அதற்கு நால்வரும் சரி என்று சொல்ல வேண்டும். ஒருவர் தன் ஆசையில் செய்துவிட்டு மற்றவர்களிடம் பங்கு கேட்கக் கூடாது. வாடகையைக் கூட்டுவது, புது வாடகைக்காரரை வைப்பது இதற்கெல்லாம் மூன்று பேர் ஒப்புக்கொண்டால் போதும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாருக்காவது குறைத்துக் கொடுக்க நினைத்தால் நால்வரும் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் குறைத்துக் கொடுத்தவரே அந்த வித்தியாசத்தைத் தன் பங்கில் ஏற்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கை நான் எழுதி அனுப்புகிறேன், கூலி வேண்டாம். படித்துவிட்டு 15 நாளுக்குள் கேள்வி கேளுங்கள். பின்னால் யாராவது தன் பங்கை விற்க நினைத்தால் முதலில் நம்மிடம் கேட்க வேண்டும். இதை இப்போதைக்கு ஒரு வரியில் எழுதி வைத்தால் போதும்.

பழைய வருடங்களை எப்படி முடிப்பது? அண்ணனின் நோட்டில் இருப்பதை அப்படியே ஒப்புக்கொள்ளலாம் என்பது என் கருத்து. கூரைப் பணம், அட்வான்ஸ், அண்ணன் கட்டிய வரி, இந்த மூன்றைத் தவிரப் பழையதைக் கிளற வேண்டாம். அந்த வருடங்களில் அண்ணன் வாங்காத கூலியையும் நமக்குக் குறைவாக வந்த பங்கையும் எதிரெதிரே வைத்தால் பெரிய வித்தியாசம் வராது. தம்பிக்கு மனம் ஒப்பவில்லை என்றால் நோட்டின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். பார்க்க உனக்கு முழு உரிமை உண்டு.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து இப்படி நடத்தலாமா? 20-ஆம் தேதிக்குள் மூவரும் பதில் எழுதுங்கள். 6 சதவீதம், 10 சதவீதம் எல்லாம் நான் போட்ட எண்கள்தான், மாற்றலாம். அதற்கு அடுத்த ஞாயிறு நால்வரும் வீடியோ காலில் உட்கார்ந்து முடிவு செய்து, முடிவானதை நான் இரண்டு பக்கமாக எழுதி அனுப்புகிறேன். நால்வரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளலாம். அண்ணா, அன்றைக்கு நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அக்கா, கூரை ரசீதுகளின் அசலைப் பத்திரமாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை
(தம்பிக்குச் சின்னக்கா)