வழமையான மூட்டை

"தம்பி, வழமையான மூட்டை ஒண்டு அனுப்பிவிடுங்கோ." மாமி போனில் சொன்னது அவ்வளவுதான். கொக்குவிலில் அந்தக் கடையோடு இருபது வருசப் பழக்கம். அரிசியின் பெயரைச் சொல்லிக் கேட்டதே இல்லை.

பின்னேரம் ஓட்டோவில் மூட்டை வந்து இறங்கியது. மாமி வாய்த் தையலின் நூலை உருவி, இரண்டு கை அள்ளிச் சுளகில் போட்டா. வெள்ளைச் சம்பா. குட்டி குட்டியாய், பளபளவென்று. சிவந்த தவிடு ஒட்டிய மொட்டைக்கறுப்பனைத் தேடுகிறவ போல விரலால் கிளறிக்கொண்டே இருந்தா.

பிறகு போன் எடுத்தா.

"அக்கா, கொப்பியைப் பாத்துத்தானே ஏத்தினனான். போன மாசம் நீங்கள் எடுத்தது சம்பா."

"அது இவற்ற அந்தியேட்டிச் சமையலுக்கு, தம்பி."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தராசுத் தட்டு ஆடுவது மட்டும் கேட்டது.

"இவருக்குச் சீனி வருத்தம். அதால சிவப்புத்தான் எங்கட வீட்டில. நான் அதையே சாப்பிட்டுப் பழகிட்டன்."

விளக்கு வைக்கிற நேரம் கடைக்காரர் தானே வந்தார். சைக்கிள் கரியரில் சிவப்பரிசி மூட்டை, கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. குசினி வரைக்கும் தூக்கிக்கொண்டுபோய் வைத்தார். வாய் பிரித்த சம்பாவுக்குக் காசு கொடுக்க மாமி கொட்டைப்பெட்டியைத் திறக்க, வேண்டாமென்று கையை எடுத்தார்.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

திண்ணையில் இருந்து குடித்தார். பக்கத்துக் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. அதில் அவர் இருக்கவில்லை.