சாந்தாவின் பட்டி

மகளிர் குழுவில் லோன் எடுத்து, கே.வி.குப்பம் திங்கள் சந்தையில் சாந்தா இரண்டு வெள்ளாடுகளை வாங்கினாள். ஒன்று செவலை, ஒன்று கருப்பு. கூட வந்த பக்கத்து வீட்டு முனியம்மா ஆயாதான் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

"ரெண்டும் ரெண்டு பல்லு போட்டுக்கீது. வாங்கறதுக்கு இதான் வயசு. செவலை சினை, மடி எறங்குது பாரு."

வைகாசி மாதம் அது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போய்வரும் புருஷன், "தவணையை யாரு கட்டறது?" என்று மட்டும் கேட்டான். ஏரிக்கரையில் மேயவிட்டால் ஆடு தானாக வளரும் என்றிருந்தாள் சாந்தா.

ஆடியில் செவலை இரண்டு குட்டி போட்டது, ஒரு கிடா, ஒரு பெட்டை. குட்டிகளைத் துடைத்துவிட்டு அவள் நிற்க, ஆயா அதட்டினாள். "இன்னா பாத்துகினு நிக்கிற? காம்பை ஒருக்கா பீச்சி உடு, அடைப்பு போவும். அரை மணிக்குள்ள சீம்பால் உள்ள போயிடணும்." நஞ்சுக்கொடி தொங்கியதை இழுக்கப் போன கையையும் தட்டிவிட்டாள். "தானா உழும். இழுத்தா உசுருக்கே ஆபத்து."

புரட்டாசி மழையில் கருப்பு இளைக்க ஆரம்பித்தது. தீனி தின்றது, ஆனால் உடம்பில் ஒட்டவில்லை. ஒருநாள் காலையில் தாடைக்கு அடியில் பை போல வீங்கியிருந்தது. யாரோ கண்ணு வைத்துவிட்டார்கள் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். வீக்கம் வற்றாததால் இரண்டு ஆட்டையும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனாள். டாக்டரம்மா கருப்பின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தது. அப்புறம் செவலையின் இமையை இழுத்தார், நல்ல சிவப்பு.

"வயித்துல புழு ரத்தத்தை உறிஞ்சுது. இமை வெளுத்தா உடனே ஓட்டிகினு வா. மருந்து எடைக்குத் தக்கன குடுக்கணும், குத்துமதிப்பா ஊத்தக் கூடாது."

அன்றிலிருந்து வாராவாரம் எல்லா ஆட்டுக்கும் இமை பார்ப்பாள். பனி காய்வதற்குள் புல்லில் விடக்கூடாது, புழுக்குஞ்சு நுனியில் ஏறி நிற்கும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் வெயில் ஏறியபிறகே ஓட்டிப்போனாள். பட்டியில் அகத்தியும் வேர்க்கடலைக் கொடியும் கட்டித் தொங்கவிட்டாள். தரையில் போட்டால் மிதித்து மூத்திரம் பெய்துவிட்டு ஆடு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

இவ்வளவு செய்தும் ஐப்பசியில் பெட்டைக்குட்டி செத்தது. மழை விட்டு இளம்புல் தழைத்திருந்தது, வயிறு முட்ட மேய்ந்தது. மறுநாள் காலையில் ஒரு துள்ளு துள்ளி விழுந்தது, அவ்வளவுதான். துள்ளுமாரி. மழைக்கு முன்னாலேயே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கொழுகொழு என்றிருக்கும் குட்டியைத்தான் அந்த நோய் அடிக்கும், அதுதான் கொடுமை. சாந்தா இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை. மூன்றாம் நாள் சுவர் காலண்டரில் புழு மருந்து, துள்ளுமாரி ஊசி, ஆட்டுக்கொல்லி ஊசி என்று எது எந்த மாதம் என்பதைப் பேனாவால் எழுதி வைத்தாள். மார்கழியில் கருப்பு ஒரு பெட்டை போட்டது. கிடாக்குட்டி தாயின்மேல் ஏறப் பார்த்தபோது தனியாகக் கட்டிவிட்டாள்.

சித்திரை கடைசியில் வியாபாரி வந்தார். வைகாசி பிறந்தால் குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழா, கறிக்கு கிராக்கி வரும். அவர் கிடாவை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே விட்டார்.

"பன்னெண்டு கிலோ தேறும். நாலாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கம்மா."

"பதினாறு கிலோண்ணே. கடலை நிறுக்கற கொக்கித் தராசுல நேத்து போட்டுப் பாத்துட்டேன். நீங்களும் வேணும்னா போட்டுப் பாருங்க, தராசு உள்ளதான் கீது."

வியாபாரி தராசைக் கேட்கவில்லை. ஐயாயிரம் என்றார், ஐந்தரை என்றார், பைக்கை ஸ்டார்ட்டும் செய்தார். சாந்தா ஒரு வார்த்தை பேசாமல் அகத்தியை ஒடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் ஆறாயிரத்து இருநூறுக்கு முடிந்தது. இருநூறு ரூபாய் நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினாள்.

"அந்தப் பெட்டையையும் குடேன்மா, விலை போட்டுத் தரேன்."

"அது குட்டி போடறதுக்கு. தரமாட்டேன்."

கிடாவை ஏற்றிக்கொண்டு அவர் கிளம்பும்போது கூப்பிட்டாள். "அண்ணே, லத்தேரி பக்கம் நல்ல கிடா யாரு வச்சிகினு கீறாங்க? செவலை நேத்துலருந்து வாலை ஆட்டிகினு கத்துது."