கொப்பரை மண்டிக் கணக்குப் பயிற்சி: திருத்துவோருக்கான மதிப்பெண் முறை (50 மதிப்பெண்)

பயிற்சி கோபாலபுரத்தில் உள்ள ஒரு கொப்பரை மண்டியின் ஏப்ரல் மாதக் கணக்கு. ரொக்க ஏட்டின் முதல் பக்கம் பழைய எழுத்தர் எழுதியதாகக் கொடுக்கப்பட்டுள்ளது. மீதி 12 நடவடிக்கைகளை மாணவர் பதிந்து, பேரேட்டில் எடுத்தெழுதி, இருப்பாய்வு தயாரித்து, பாஸ்புக்கோடும் கல்லாவோடும் ஒப்பிட வேண்டும்.

பதிவுகள்: 24
ஒரு நடவடிக்கைக்கு 2. சரியான கணக்கும் சரியான பக்கமும் 1, தொகை ½, தேதியும் விளக்கக் குறிப்பும் ½.

அதிகம் சறுக்குவது பற்று, வரவில்தான். கடைக் கணக்கு பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு 'வரவு' என்றால் கைக்கு வந்த பணம். அதனால் வந்த ரொக்கத்தை ரொக்கக் கணக்கின் வரவுப் பக்கம் எழுதிவிடுவார்கள். அது பற்றுப் பக்கம் வர வேண்டும். எல்லாப் பதிவிலும் இப்படித் தலைகீழாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வெட்டாதீர்கள்: மொத்தமாக 4 குறைத்து, காரணத்தை ஓரத்தில் எழுதுங்கள். சில பதிவில் மட்டும் மாறியிருந்தால் அது புரியாமை. அந்தந்த 1 போகும்.

கொழிஞ்சாம்பாறை எண்ணெய் மில்லுக்குக் கடனுக்கு விற்ற 10 குவிண்டால், குவிண்டால் ரூ.14,000. மில் பற்று 1,47,000, விற்பனை வரவு 1,40,000, ஐ.ஜி.எஸ்.டி. வரவு 7,000. ஐந்து கல் தொலைவுதான் என்றாலும் மாநிலம் வேறு. சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என 3,500 வீதம் பிரித்தால் 1 குறையுங்கள். வரியையும் விற்பனையிலேயே சேர்த்து 1,47,000 என்று எழுதினாலும் 1 குறையும்.

வீட்டுச் செலவுக்கு எடுத்த 5,000 எடுப்புக் கணக்கில் வர வேண்டும். மண்டிச் செலவாக எழுதினால் கணக்குக்கான 1 இல்லை. வங்கியிலிருந்து எடுத்த 15,000 ரொக்கப் பத்தி, வங்கிப் பத்தி இரண்டிலும் இருந்தால்தான் முழு 2.

இருப்பு கட்டுதல்: 8
ரொக்க ஏடு 2, பேரேடு 3, இருப்பாய்வு 3. ஒரு பிழைக்கு ஒரு முறைதான் தண்டனை. பதிவில் தவறிய தொகையை அப்படியே எடுத்தெழுதிச் சரியாகக் கூட்டியிருந்தால் இங்கே முழு மதிப்பெண் உண்டு.

இருப்பாய்வு சேராமல், வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் வெளிப்படையாகக் காட்டினால் 2. சேர வைப்பதற்காக ஏதோ ஒரு தொகையைத் திருத்தியது பேரேட்டோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும். அதற்கு இருப்பாய்வில் 0. இதில் இரக்கம் வேண்டாம்.

சுத்தம்: 6
கையெழுத்து அழகுக்கு மதிப்பெண் கிடையாது. இரு பக்கக் கூட்டுத்தொகையும் ஒரே வரியில், அடியில் இரட்டைக் கோடு: 2. பேரேட்டுப் பக்க எண்: 2. பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து மேலே எழுதுதல்: 2. ஒயிட்னர் போட்ட இடமோ, எண்ணின் மேலேயே எண் எழுதிய இடமோ ஒன்று இருந்தாலும் கடைசி 2 போகும்; அழித்த தொகையைத் தணிக்கையில் யாராலும் படிக்க முடியாது.

வித்தியாச விளக்கம்: 12
ரொக்க ஏட்டின்படி வங்கி இருப்பு 63,400, பாஸ்புக்கில் 75,366. கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலை 18,500 (2). போட்டும் வசூலாகாத காசோலை 6,000 (2). வங்கிக் கட்டணம் 300, அதற்கு வரி 54, ஆக 354 (2). பழைய எழுத்தர் 8,640-ஐ 8,460 என்று எழுதியதில் 180 (3). முதல் தொகையைக் கூட்டி மற்ற மூன்றையும் கழித்தால் பாஸ்புக் இருப்பு வரும்.

180-க்கு எண்ணைச் சொன்னால் மட்டும் போதாது. இலக்கம் இடம் மாறியது, வித்தியாசம் 9-ஆல் வகுபடும் என்று கண்டுபிடித்த வழி 1. சரக்கு கொடுத்தவர் பற்று, வங்கி வரவு என்ற திருத்தப் பதிவு 1. இந்தப் பிழை இருந்தும் இருப்பாய்வு சேர்ந்தது ஏன் என்பதற்கு 1. இரு கணக்கிலும் ஒரே தவறான தொகை ஏறியதால் என்பதே விடை. 354-க்கும் 180-க்கும் ரொக்க ஏட்டைத் திருத்தினால் இருப்பு 62,866. காசோலைகள் இரண்டுக்கும் திருத்தப் பதிவு கிடையாது. போட்டிருந்தால் அதற்குரிய 2 இல்லை.

கல்லாவில் 9,870 இருக்க வேண்டும், எண்ணினால் 9,570. குறையும் 300, மில்லில் கொடுத்த இறக்குகூலி. மலையாளத்தில் எழுதிய சீட்டு வவுச்சர் கட்டில் இருக்கிறது. சீட்டைக் குறிப்பிட்டுப் பதிவு போட்டால் 3. 'பணம் குறைகிறது' என்று மட்டும் எழுதினால் 1. உரிமையாளர் எடுத்திருப்பார் என்று ஊகித்து எடுப்பில் தள்ளினால் 0.