வட்டி ஏறினால் பத்திரம் எவ்வளவு இறங்கும்? டியூரேஷன், கான்வெக்ஸிட்டி பயிற்சிக் கணக்குகள்

வங்கி டிரஷரி தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக, சனிக்கிழமை வகுப்பில் போட்ட தாள் இது. விடைகள் கேள்விகளுக்கு அடியிலேயே இருக்கின்றன. கையில் கால்குலேட்டரை எடுத்து, விடையை மறைத்துக்கொண்டு போடுங்கள். எல்லாக் கணக்குக்கும் ஒரே சூத்திரம்தான்:

```
ΔP/P ≈ −D × Δy + ½ × C × (Δy)²
```

D என்பது மாடிஃபைட் டியூரேஷன், C கான்வெக்ஸிட்டி, Δy யீல்டு மாற்றம். Δy-ஐ 1% என்றால் 0.01 என்றே போட வேண்டும். போன வாரம் நான்கு பேர் 1 என்று போட்டுவிட்டு, பத்திரம் 257% விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். நூறு ரூபாய்க்கு வாங்கியது நூறுக்கு மேல் விழாது என்ற எண்ணமாவது வந்திருக்கலாம்.

கேள்வி 1. முகமதிப்பு ரூ.100, ஆண்டுக்கு ஒருமுறை 8% கூப்பன், 3 ஆண்டு, யீல்டு 8%. டியூரேஷனும் கான்வெக்ஸிட்டியும் கண்டுபிடி. யீல்டு 9% ஆனால் விலை என்ன ஆகும்?

மூன்று வரவுகளின் இன்றைய மதிப்பு: 7.4074, 6.8587, 85.7339. கூட்டினால் 100. ஒவ்வொன்றையும் அது வரும் ஆண்டால் பெருக்கிக் கூட்டினால் 278.33, விலையால் வகுத்தால் 2.7833 ஆண்டு. 1938-இல் ஃபிரடெரிக் மெக்காலே சொன்ன டியூரேஷன் இதுதான்: பணம் கைக்கு வரச் சராசரியாக எவ்வளவு காலம் ஆகிறது என்பது. விலை மாற்றத்துக்கு இதை அப்படியே போடக்கூடாது. 1.08-ஆல் வகுத்தால்தான் மாடிஃபைட் டியூரேஷன்: 2.5771.

கான்வெக்ஸிட்டிக்கு ஒவ்வொரு வரவையும் t(t+1)-ஆல் பெருக்க வேண்டும், அதாவது 2, 6, 12. கூட்டுத்தொகை 1084.77. அதை 100-ஆலும், 1.08-இன் வர்க்கத்தாலும் வகுத்தால் 9.30.

டியூரேஷன் மட்டும் போட்டால் −2.577%. கான்வெக்ஸிட்டி +0.047% திருப்பித் தருகிறது. மொத்தம் −2.531%. 9%-இல் நேராக விலை போட்டுப் பார்த்தால் 97.469, அதாவது −2.531%. மூன்று ஆண்டுப் பத்திரத்துக்குக் கான்வெக்ஸிட்டி போடுவது கொசுவை அடிக்கக் கோடாரி எடுப்பது மாதிரிதான். ஆனாலும் தேர்வில் கேட்பார்கள்.

கேள்வி 2. 10 ஆண்டு அரசுக் கடன்பத்திரம், கூப்பன் 7%, நம் நாட்டு வழக்கப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை வட்டி, யீல்டு 7%. வங்கியிடம் முகமதிப்பில் ரூ.50 கோடி இருக்கிறது. யீல்டு 2% ஏறினால் எவ்வளவு நட்டம், 2% இறங்கினால் எவ்வளவு லாபம்?

இருபது வரவுகளையும் பெருக்கி உட்கார வேண்டாம். யீல்டை 1% ஏற்றியும் இறக்கியும் விலை பாருங்கள். 8%-இல் 93.2048, 6%-இல் 107.4387.

```
D = (107.4387 − 93.2048) / (2 × 100 × 0.01) = 7.117
C = (107.4387 + 93.2048 − 200) / (100 × 0.01²) = 64.36
```

எக்செல்லில் சரிபார்க்க வேண்டுமென்றால்:

```
=MDURATION(DATE(2025,4,1),DATE(2035,4,1),0.07,0.07,2,4)
```

7.106 வரும். நமக்கு வந்தது 7.117, 1% என்ற பெரிய படியில் அளந்ததால் வந்த சின்ன வேறுபாடு. கான்வெக்ஸிட்டிக்கு எக்செல்லில் தனி ஃபார்முலா இல்லை, மேலே உள்ளபடி நாமே போட வேண்டியதுதான்.

இப்போது 2%. டியூரேஷன் பங்கு இரு பக்கமும் 14.23%. கான்வெக்ஸிட்டி பங்கு ½ × 64.36 × 0.0004 = 1.29%. இது இரு பக்கமும் கூட்டல்தான், வர்க்கத்துக்கு மைனஸ் கிடையாது. ஏறினால் −12.95%, இறங்கினால் +15.52%. உண்மையான விலைகள் 86.99, 115.59, அதாவது −13.01%, +15.59%. ஐம்பது கோடிக்கு மதிப்பீட்டின்படி நட்டம் சுமார் ரூ.6.47 கோடி, லாபம் சுமார் ரூ.7.76 கோடி. டியூரேஷனோடு நிறுத்தியிருந்தால் இரண்டையும் ரூ.7.12 கோடி என்று எழுதியிருப்போம்.

டீலிங் ரூமில் இத்தனை பேச மாட்டார்கள். ஒரு பேசிஸ் பாயிண்ட் நகர்ந்தால் எத்தனை ரூபாய் என்று மட்டும் கேட்பார்கள்: 50 கோடி × 7.117 × 0.0001, சுமார் ரூ.3.56 லட்சம். அதை மனதில் வைத்துக்கொண்டால் காலையில் யீல்டு 6 பேசிஸ் பாயிண்ட் ஏறியதும் இருபத்தொரு லட்சம் போச்சு என்று காப்பி குடிக்கும் முன்பே தெரிந்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில திரைகளில் கான்வெக்ஸிட்டியை 100-ஆல் வகுத்து 0.64 என்று காட்டுவார்கள். 10 ஆண்டுப் பத்திரத்துக்கு அந்த எண்ணைப் பார்த்தால், நூறால் பெருக்கிவிட்டுச் சூத்திரத்தில் போடுங்கள்.

கேள்வி 3. ஒருவரிடம் 10 ஆண்டு ஜீரோ கூப்பன் பத்திரம். இன்னொருவரிடம் பாதிப் பணத்துக்கு 2 ஆண்டு ஜீரோ கூப்பன், பாதிப் பணத்துக்கு 18 ஆண்டு ஜீரோ கூப்பன். எல்லாவற்றுக்கும் யீல்டு 7%, ஆண்டுக் கணக்கு. யாருடையது மேல்?

டியூரேஷன் இருவருக்கும் ஒன்றே: மெக்காலே 10, மாடிஃபைட் 10 ÷ 1.07 = 9.346. கான்வெக்ஸிட்டி முதலாமவருக்கு 110 ÷ 1.1449 = 96.1. இரண்டாமவருக்கு 5.2-உம் 298.7-உம் சேர்ந்து சராசரி 152. எல்லா யீல்டும் ஒன்றாக 1% ஏறினால் முதலாமவருக்கு −8.87%, இரண்டாமவருக்கு −8.59%. இறங்கினாலும் இரண்டாமவருக்கே கூடுதல். ஆக, இரண்டாமவர் எப்போதும் ஜெயிப்பார் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறவர்கள்தான் அதிகம்.

"ஒன்றாக" என்ற சொல்லில்தான் பொறி இருக்கிறது. 2 ஆண்டு யீல்டு அசையாமல், 10 ஆண்டு 0.5%, 18 ஆண்டு 1% ஏறினால்? முதலாமவருக்கு −4.67 + 0.12 = −4.55%. இரண்டாமவரின் 18 ஆண்டுப் பத்திரம் −16.82 + 1.49 = −15.33%, அதில் பாதி, −7.66%. டியூரேஷன் ஒன்றாக இருந்தும் நட்டம் ஒன்றாக இல்லை.

கேள்வி 4. அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி 2023 மார்ச்சில் விழுந்தது. 2022 முடிவில், முதிர்வு வரை வைத்திருப்பதாகச் சொன்ன அதன் பத்திரங்கள் சுமார் 91 பில்லியன் டாலர், அவற்றில் கணக்கில் காட்டாத நட்டம் சுமார் 15 பில்லியன், டியூரேஷன் 6.2 ஆண்டு. யீல்டு எவ்வளவு ஏறியிருக்கும்? ஓராண்டுக்கு முன் அந்த டியூரேஷன் ஏறத்தாழ 4 ஆண்டுதான் என்பதை எப்படி விளக்குவாய்?

15 ÷ 91 = 16.5%. அதை 6.2-ஆல் வகுத்தால் சுமார் 2.7%. அந்த ஓராண்டில் 10 ஆண்டு அமெரிக்க அரசுப் பத்திரத்தின் யீல்டு சுமார் 1.5%-இலிருந்து 3.9%-க்குப் போனது, ஆக எண் அர்த்தமில்லாததல்ல. ஆனால் 2021 முடிவில் உட்கார்ந்து 4 × 2.4 என்று போட்டிருந்தால் 9.6% நட்டம் என்றுதான் வந்திருக்கும்.

இடைவெளிக்கு முக்கியக் காரணம் வீட்டுக்கடன் பத்திரங்கள். வட்டி இறங்கினால் வீட்டுக்காரர்கள் பழைய கடனை அடைத்துவிட்டு மலிவாகப் புதுக் கடன் எடுப்பார்கள், பணம் சீக்கிரம் திரும்பும். வட்டி ஏறினால் யாரும் அடைக்க வரமாட்டார்கள், பழைய கடனைக் கட்டிக்கொண்டே இருப்பார்கள். பத்திரத்தின் காலம் நீளும், டியூரேஷன் வேண்டாத நேரத்தில் ஏறும். இதற்குப் பெயர் நெகட்டிவ் கான்வெக்ஸிட்டி. சூத்திரத்தில் C மைனஸாகி, கூட்டல் கழித்தலாகிவிடும். இடைவெளி முழுவதும் இதனால்தான் வந்தது என்று எழுதாதீர்கள்: அரசுப் பத்திரத்தைவிட வீட்டுக்கடன் பத்திரங்களுக்குச் சந்தை கேட்ட கூடுதல் யீல்டும் அந்த ஆண்டு ஏறியது.

2.7% என்று மட்டும் எழுதியவருக்குப் பாதி மதிப்பெண். டியூரேஷன் 4-இலிருந்து 6.2-க்குப் போனதன் காரணம் சொன்னவருக்கு முழு மதிப்பெண், சூத்திரத்தில் தசமப்புள்ளி தவறியிருந்தாலும்.