உங்கள் ஊர் வரலாற்றுப் புத்தகம்: வேலையும் தொகையும்

ஐயா, வணக்கம்.

ஒப்பந்தம், கையெழுத்து எல்லாம் வேண்டாம், வாட்ஸ்அப்பிலேயே முடித்துக்கொள்ளலாம் என்றீர்கள். சரி, அப்படியே செய்வோம். ஆனால் நாம் பேசியது பத்துப் பன்னிரண்டு வாய்ஸ் மெசேஜில் சிதறிக் கிடக்கிறது. ஒன்றில் 160 பக்கம், இன்னொன்றில் 192. அதனால் முடிவானதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

டெமி அளவு, 192 பக்கம், அதாவது 12 ஃபாரம். உள்பக்க வடிவமைப்பு பக்கத்துக்கு 45 ரூபாய் வீதம் 8,640. முன், பின் அட்டையும் முதுகும் சேர்த்து 3,500. மொத்தம் 12,140 ரூபாய். பக்கம் கூடினாலும் குறைந்தாலும் அதே 45 கணக்குதான்.

நீங்கள் அனுப்பிய கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. யூனிகோடுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் அங்கங்கே இடம் மாறி நிற்கும். அதைச் சரிசெய்வது என் பொறுப்பு, தனிக் கட்டணம் இல்லை. எழுத்துப்பிழை, ஒற்றுப்பிழை பார்ப்பது இதில் சேராது. ஊர்ப்பெயரும் கல்வெட்டு வரிகளும் நிறைய வருவதால், ஒரு மெய்ப்புத் திருத்துநரிடம் கொடுத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள் என்று வற்புறுத்தியே சொல்வேன்.

திருத்தம் இரண்டு முறை இலவசம். ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் ஒரே பிரதியில் குறித்து அனுப்புங்கள். மூன்றாவது முறையிலிருந்து, திருத்தம் உள்ள பக்கத்துக்கு 10 ரூபாய். புது அத்தியாயம் சேர்த்தால் அது திருத்தம் ஆகாது, புதுப் பக்கக் கணக்கில் வரும்.

24 படங்களையும் வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், அளவு சுருங்கி அச்சில் மங்கிவிடும். 300 டிபிஐயில் ஸ்கேன் செய்து, டாகுமெண்டாக அனுப்பினால் போதும்.

அச்சு, தாள், பைண்டிங் செலவு அச்சகத்தோடு நீங்கள் பேசிக்கொள்வது. ஐஎஸ்பிஎன் எண்ணுக்கும் நீங்கள்தான் இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நம் நாட்டில் அதற்குக் கட்டணம் கிடையாது. எண் வந்ததும் பார்கோடு போட்டு அட்டையில் வைத்துத் தருகிறேன்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும் என்றீர்கள். அதற்கு, மெய்ப்பு பார்த்த கோப்பும் படங்களும் அக்டோபர் 10-க்குள் வர வேண்டும். வடிவமைத்த முதல் பிரதியை நவம்பர் 5 அன்று அனுப்புகிறேன். உங்கள் திருத்தங்கள் நவம்பருக்குள் முடிந்தால், டிசம்பர் 5 அன்று அச்சுக்கான பிடிஎஃப் தயார். கோப்பு தாமதமானால் இந்தத் தேதிகளும் அத்தனை நாள் தள்ளும்.

முன்பணம் பாதி, 6,070 ரூபாய். மீதி, அச்சுக் கோப்பைத் தருவதற்கு முன். முழுத்தொகை வந்ததும் இன்டிசைன் மூலக்கோப்பையும் தந்துவிடுகிறேன், மறுபதிப்புக்கு உதவும்.

எதையாவது மாற்ற வேண்டுமென்றால் இப்போதே சொல்லுங்கள், திருத்தி மறுபடி அனுப்புகிறேன். எல்லாம் சரி என்றால், இந்தச் செய்திக்கே ரிப்ளை கொடுத்து "சம்மதம், 12,140" என்று தட்டச்சு செய்து அனுப்புங்கள் ஐயா. தம்ஸ்அப் மட்டும் போட்டால், எதற்குச் சம்மதம் என்பது பின்னால் இருவருக்குமே விளங்காது. இனி பேச்சில் ஏதாவது மாறினால், அதையும் இதேபோல் ஒரு வரி எழுதிக்கொள்வோம்.

பதிலும் முன்பணமும் வந்த மறுநாளே பாமினி மாற்றத்தைத் தொடங்குகிறேன்.