சித்த மருத்துவமனைச் சிகிச்சைச் செலவைத் திரும்பப் பெறக் கோரும் விண்ணப்பம்

அனுப்புநர்
ம. ஜெயபால்,
வடசேரி,
நாகர்கோவில் - 629 001.

பெறுநர்
பிரிவு மேலாளர் அவர்கள்,
மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகள் பிரிவு,
மண்டல அலுவலகம், மதுரை.

நாள்: 04.10.2024

பொருள்: ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசி – என் மனைவி செல்வராணி (வயது 52) சித்த மருத்துவமனையில் உள்நோயாளியாகப் பெற்ற சிகிச்சை – ரூ.57,266 திரும்பக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. பாலிசி எண் 4471/2024/008316, காலம் 12.07.2024 முதல் 11.07.2025 வரை. 2. நான் 05.09.2024 அன்று அனுப்பிய முன்னறிவிப்பு மின்னஞ்சலும், அதற்குத் தரப்பட்ட கோரிக்கை எண் 24-119063-உம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மேற்கண்ட பாலிசியில் நானும் என் மனைவியும் சேர்ந்திருக்கிறோம். காப்பீட்டுத் தொகை ரூ.5,00,000. என் மனைவி 09.09.2024 காலை முதல் 23.09.2024 காலை வரை மார்த்தாண்டத்தில் உள்ள அருள்மூலிகை சித்த வர்ம மருத்துவமனையில் உள்நோயாளியாக இருந்து சிகிச்சை பெற்றார். இந்த மருத்துவமனை உங்கள் ரொக்கமில்லாச் சிகிச்சைப் பட்டியலில் இல்லை. அதனால் முழுத் தொகையையும் நாங்களே கட்டிவிட்டு, அசல் ரசீதுகளுடன் இந்த விண்ணப்பத்தை அனுப்புகிறேன். வீடு திரும்பிய நாளிலிருந்து 30 நாட்களுக்குள் ஆவணங்கள் வந்து சேர வேண்டும் என்பது பாலிசி விதி. அந்தக் கெடுவுக்குள்தான் இதை அனுப்புகிறேன். திட்டமிட்ட அனுமதிக்கு 48 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும் என்ற விதிப்படி முன்னறிவிப்பும் கொடுத்திருக்கிறேன்.

நோய் பற்றி: ஜூன் மாதக் கடைசியில் தொடங்கிய இடுப்பு வலி, ஆகஸ்டில் இடது காலுக்கு இறங்கிவிட்டது. பத்து நிமிடம் நிற்க முடியவில்லை, தையல் மிஷினில் உட்காரவும் முடியவில்லை. 20.08.2024 அன்று எலும்பு மூட்டு மருத்துவர் பார்த்து, மறுநாள் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இடுப்பு முதுகெலும்பின் 4, 5-ஆம் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு பிதுங்கி, இடது நரம்பை அழுத்துவதாக அந்த அறிக்கை சொல்கிறது. சிறுநீர், மலம் கழிப்பதில் சிக்கலோ பாதத்தில் பலவீனமோ இல்லாததால் உடனடி அறுவைச் சிகிச்சை தேவையில்லை, மருந்தும் ஓய்வும் பார்க்கலாம் என்று அவரே எழுதியிருக்கிறார். மாத்திரைகளில் வலி குறையாததால் சித்த மருத்துவரிடம் போனோம். தண்டக வாதம் என்று கணித்து, உள்நோயாளியாகச் சேரும்படி எழுதிக் கொடுத்தார். அந்த அனுமதிக் குறிப்பை இணைத்துள்ளேன்.

இனி பாலிசி விதி. உங்கள் பாலிசி ஆவணத்தின் 4.2-ஆம் பிரிவு, ஆயுர்வேதம், யோகா மற்றும் இயற்கை மருத்துவம், யுனானி, சித்தா, ஹோமியோபதி ஆகிய முறைகளில் ‘ஆயுஷ் மருத்துவமனை’ ஒன்றில் உள்நோயாளியாகப் பெறும் சிகிச்சையின் செலவை, காப்பீட்டுத் தொகை வரம்பு வரை நிறுவனம் ஈடு செய்யும் என்கிறது. எது ஆயுஷ் மருத்துவமனை என்பதையும் அதே ஆவணத்தின் வரையறைப் பகுதி சொல்லிவிடுகிறது. மத்திய, மாநில அரசு ஆயுஷ் மருத்துவமனைகள் ஒரு வகை. அங்கீகாரம் பெற்ற ஆயுஷ் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனைகள் இன்னொரு வகை. மூன்றாவது வகை தனியார் மருத்துவமனை. அது உள்ளூர் அதிகாரியிடம் பதிவு பெற்று, தகுதியுள்ள பதிவு பெற்ற ஆயுஷ் மருத்துவரின் மேற்பார்வையில் இயங்க வேண்டும். குறைந்தது 5 உள்நோயாளிப் படுக்கைகள், 24 மணி நேரமும் பொறுப்பில் தகுதியுள்ள மருத்துவர், சிகிச்சைக்கென்று தனிப் பகுதி, நிறுவனத்தின் பிரதிநிதி பார்க்கும்படியான அன்றாட நோயாளிப் பதிவு ஆகிய நான்கும் அதற்கு இருக்க வேண்டும்.

நாங்கள் போன மருத்துவமனை மூன்றாவது வகையைச் சேர்ந்தது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் (ஒழுங்குமுறை) சட்டம், 1997-இன் கீழ், கன்னியாகுமரி மாவட்ட நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் 14.03.2022 அன்று பதிவு எண் 0417/2022 பெற்றிருக்கிறது. சான்றிதழ் 13.03.2027 வரை செல்லும் என்று அதிலேயே உள்ளது. ஆக, சிகிச்சைக் காலம் முழுவதும் பதிவு நடப்பில் இருந்தது. சான்றிதழில் படுக்கை எண்ணிக்கை 20. தலைமை மருத்துவர் எம்.டி. (சித்தா) பட்டம் பெற்றவர். தமிழ்நாடு சித்த மருத்துவ மன்றத்தில் அவர் பெற்ற பதிவின் நகலும் உண்டு. இரவுப் பணி மருத்துவர்கள் இருவரும் பி.எஸ்.எம்.எஸ். முடித்தவர்கள். செப்டம்பர் மாதப் பணிப் பட்டியலை மருத்துவமனை முத்திரையோடு வாங்கி வைத்திருக்கிறேன். 24 மணி நேர மருத்துவர் என்ற நிபந்தனைக்கு ஆதாரம் கேட்டுக் கடிதம் வரும், அதற்குப் பதில் எழுத இன்னும் பத்து நாள் ஓடும். அதனால் முன்கூட்டியே இணைத்துவிட்டேன்.

முன்னறிவிப்புக்குப் பிறகு உங்கள் பிரிவிலிருந்து தொலைபேசியில் பேசியவர், “அங்கே என்.ஏ.பி.எச். சான்று இருக்கிறதா?” என்று கேட்டார். இந்த மருத்துவமனைக்கு அது இல்லை. ஆனால் மேலே சொன்ன வரையறையை வரிக்கு வரி பார்த்தேன், அந்தச் சான்று எங்கும் நிபந்தனையாக இல்லை. பாலிசியில் இல்லாத ஐந்தாவது நிபந்தனையைக் காட்டி இந்தக் கோரிக்கையை நிறுத்தி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆயுஷ் சிகிச்சைகளை மற்ற சிகிச்சைகளுக்குச் சமமாக நடத்த வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 31.01.2024 நாளிட்ட சுற்றறிக்கையில் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியிருப்பதும் நீங்கள் அறிந்ததே.

வேறு சில விலக்குகளை யாரேனும் சுட்டலாம் என்பதால் அவற்றையும் தொட்டுவிடுகிறேன். முதுகெலும்பு வட்டுப் பிதுக்கத்துக்கு 24 மாதக் காத்திருப்புக் காலம் உண்டு (விலக்குக் குறியீடு 02). எங்கள் பாலிசி 12.07.2021 அன்று தொடங்கி ஒரு நாள் கூட இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அந்தக் காலம் 2023 ஜூலையிலேயே முடிந்துவிட்டது. பாலிசி எடுத்தபோது இந்த நோய் இல்லை.

ஓய்வுக்கும் புத்துணர்ச்சிக்கும் போய்த் தங்குவது (குறியீடு 05), உடல்நல விடுதிகள், ஸ்பா போன்றவை (குறியீடு 13) விலக்கப்பட்டவை என்பது தெரியும். எண்ணெய் தேய்த்தார்கள் என்றதும் கேரளச் சுற்றுலா விடுதி நினைவு வருவது சகஜம்தான். அதனால் நடந்த சிகிச்சையைச் சொல்கிறேன். முதல் நாள் மருத்துவர் கண்காணிப்பில் பேதி மருந்து. மூன்றாம் நாளிலிருந்து உள்மருந்தோடு 12 நாள் தொக்கணமும் வர்ம சிகிச்சையும், அவற்றில் 10 நாட்கள் நொச்சி இலை ஒற்றடமும். படுத்த நிலையில் இடது காலை நேராகத் தூக்கும் சோதனையில் சேர்ந்த அன்று 30 பாகை வரைதான் தூக்க முடிந்தது. 23-ஆம் தேதி 65 பாகை. இந்த அளவுகளும் நாடி, இரத்த அழுத்தம், அன்றாட மருந்து விவரமும் நோயாளிப் பதிவேட்டின் நகலில் தேதிவாரியாக உள்ளன. வீட்டிலிருந்து மார்த்தாண்டத்துக்குத் தினமும் பேருந்தில் போய் வரும் நிலையில் அவர் இல்லை என்பதையும் அனுமதிக் குறிப்பிலேயே மருத்துவர் எழுதியிருக்கிறார்.

சூரணங்களும் தைலங்களும் சத்துணவுப் பொருள் கணக்கில் (குறியீடு 14) சேராது. அனைத்தும் மருத்துவர் எழுதிக் கொடுத்து, உள்நோயாளிச் சிகிச்சையின் பகுதியாக அந்த மருத்துவமனை மருந்தகத்தில் வாங்கியவை. அமுக்கரா சூரணம், வாத கேசரி தைலம் என்று ஒவ்வொன்றின் பெயரும் அளவும் ரசீதில் தனித்தனியே இருக்கின்றன.

கணக்கு வருமாறு:

அறை மற்றும் செவிலியர் கட்டணம், 14 நாள், நாளுக்கு ரூ.1,400 – ரூ.19,600
மருத்துவர் கட்டணம், 14 நாள், நாளுக்கு ரூ.400 – ரூ.5,600
தொக்கணம், வர்ம சிகிச்சை, 12 முறை, முறைக்கு ரூ.950 – ரூ.11,400
ஒற்றடம், 10 முறை, முறைக்கு ரூ.600 – ரூ.6,000
மருந்துகள் – ரூ.8,730
இரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகள் – ரூ.1,850
மருத்துவமனைச் செலவு – ரூ.53,180
சேர்வதற்கு முந்தைய 30 நாட்களுக்குள்: எம்.ஆர்.ஐ. ரூ.6,500, மருத்துவர் ஆலோசனை ரூ.600 – ரூ.7,100
கூடுதல் – ரூ.60,280
கழிக்க: பாலிசிப்படி எங்கள் பங்கு 5 சதவீதம் – ரூ.3,014
கோரும் தொகை – ரூ.57,266

அறை வாடகைக்குப் பாலிசி தரும் உச்ச வரம்பு நாளுக்கு ரூ.5,000, நாங்கள் கொடுத்தது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. மருத்துவமனை ரசீதின் மொத்தம் ரூ.55,620 என்று இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கூட இருந்த என் சாப்பாட்டுச் செலவு ரூ.2,240-ஐயும் பதிவுக் கட்டணம் ரூ.200-ஐயும் நான் கோரவில்லை. வீடு திரும்பிய பின் 60 நாட்களுக்கான மருந்துச் செலவு 22.11.2024 வரை ஓடும். அதை முடிந்ததும் 15 நாட்களுக்குள் தனியாக அனுப்புவேன். இந்தக் கோரிக்கையை அதற்காகக் காக்க வைக்க வேண்டாம்.

தொகையைப் பாலிசியில் பதிவாகியுள்ள என் வங்கிக் கணக்கில் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். கடைசி ஆவணம் கிடைத்த 30 நாட்களுக்குள் தீர்வு தர வேண்டும், தாமதமானால் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி சேர வேண்டும் என்பது பாலிசியில் உள்ளது. ஏதேனும் ஆவணம் தேவைப்பட்டால் தேவையானவை அனைத்தையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். கோரிக்கை முழுதாகவோ பகுதியாகவோ மறுக்கப்பட்டால், எந்தப் பிரிவின்படி என்பதை எண்ணுடன் எழுத்தில் தர வேண்டும். மருத்துவமனையை நேரில் பார்வையிட விரும்பினால் பதிவேடுகளைக் காட்டத் தயார் என்று நிர்வாகத்தினர் எழுதிக் கொடுத்த கடிதமும் இணைப்பில் உள்ளது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ம. ஜெயபால்
பாலிசிதாரர்

இணைப்புகள்:
1. பூர்த்தி செய்த கோரிக்கைப் படிவம், இரு பகுதிகளும் (மருத்துவமனைப் பகுதி முத்திரையுடன்)
2. அனுமதிக் குறிப்பு, வீடு திரும்பல் அறிக்கை – அசல்
3. மருத்துவமனை ரசீது, விவரப் பட்டியல், பணம் கட்டியதற்கான ரசீதுகள் – அசல்
4. மருந்துச் சீட்டுகளும் மருந்தக ரசீதுகளும் – அசல்
5. எம்.ஆர்.ஐ. அறிக்கை, எலும்பு மூட்டு மருத்துவரின் குறிப்பு, ரசீதுகள், பரிசோதனை முடிவுகள்
6. நோயாளிப் பதிவேட்டின் சான்றளித்த நகல்
7. மருத்துவமனைப் பதிவுச் சான்றிதழ் எண் 0417/2022 – நகல்
8. தலைமை மருத்துவரின் பதிவுச் சான்று, செப்டம்பர் மாதப் பணிப் பட்டியல் – நகல்கள்
9. பார்வையிட ஒப்புதல் தெரிவிக்கும் மருத்துவமனைக் கடிதம்
10. 2021 முதலான பாலிசிப் புதுப்பிப்புகளின் நகல், இருவரின் அடையாளச் சான்று, ரத்து செய்த காசோலை